டூப்பின் சாடை ஏன் போகமாட்டேன் என்கிறது? முகமாற்றத்தில் அடையாளக் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

ஒரு குறும்படத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். படப்பிடிப்பு நடுவில் கதாநாயகனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மாடிப்படியில் ஓடி இறங்கும் மூன்று ஷாட்களை மட்டும் டூப் வைத்து எடுத்து, முகத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது. எந்த ஷாட், எதற்காக என்று விவரமாக எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். மொத்தம் 610 ஃப்ரேம். மூன்று நாள் மாடலை ஓடவிட்டு, முகத்தை ஒட்டி, ரெண்டர் எடுத்து, கதாநாயகனின் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் எங்க சித்தப்பா பையன் மாதிரி இருக்கான்."

அடையாளக் கசிவு என்றால் இதுதான். தையல் தெரியவில்லை, நிறம் ஒத்துப்போகிறது, உதடும் கண்ணும் சரியாக அசைகின்றன. ஆனால் திரையில் இருப்பவர் இருவரில் ஒருவரும் இல்லை. இருவரின் சாடையும் கலந்த மூன்றாவது ஆள்.

இந்த வழிகாட்டி, டீப்ஃபேஸ்லேப் போல இரண்டு முகங்களைக் கொடுத்துப் பயிற்றுவிக்கும் முறைக்காக எழுதியது. ஒரே புகைப்படத்தை வைத்து உடனே மாற்றும் முறையில் கசிவு வேறு விதமாக வரும். அதைக் கடைசியில் தொடுகிறேன். சோர்ஸ் என்பது முகம் கொடுப்பவர், இங்கே கதாநாயகன். டார்கெட் என்பது காட்சியில் உண்மையாக ஓடியவர், அதாவது டூப். மென்பொருளின் கோப்புறைகளில் இவை `data_src`, `data_dst` என்று இருக்கும்.

லாஸ் எண் ஏன் உதவாது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லாஸ் எண், அதாவது மாடல் வரைந்த முகத்துக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம், இறங்கிக்கொண்டே போகிறது, அதனால் முகம் சரியாக வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் அந்த மூன்று நாளும் ஓடவிட்டேன்.

பயிற்சியில் உண்மையில் நடப்பது என்ன? மாடல் கதாநாயகன் முகத்தை வாங்கி, கதாநாயகன் முகத்தையே திரும்ப வரையப் பழகுகிறது. டூப் முகத்தை வாங்கி, டூப் முகத்தையே திரும்ப வரையப் பழகுகிறது. இரண்டு லாஸ் எண்களும் இந்த இரண்டு வேலைகளுக்குத்தான். நமக்கு வேண்டியதோ மூன்றாவது வேலை: டூப்பின் முகபாவத்தை வாங்கி, கதாநாயகன் முகமாக வரைவது. அதற்குச் சரியான விடை என்று ஒரு படம் எங்கேயும் கிடையாது. அந்தப் படிக்கட்டில் கதாநாயகன் ஓடவே இல்லையே. விடை இல்லாததால், அந்த மூன்றாவது வேலைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ப்ரிவியூ சாளரத்தின் கடைசி நெடுவரிசையில் தெரியும் முகம், மற்ற இரண்டு வேலைகளையும் பழகியதன் பக்க விளைவாக வருவது. டூப்பின் சாடை அதில் எவ்வளவு கலந்திருந்தாலும் லாஸ் எண் அழகாக இறங்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டூப்பிடமிருந்து நமக்குச் சில விஷயங்கள் கட்டாயம் வர வேண்டும்: தலை திரும்பிய கோணம், வாய் திறந்த அளவு, பார்வை, வெளிச்சம். சில விஷயங்கள் வரவே கூடாது: புருவத்தின் வடிவம், கண்களுக்கு நடுவே உள்ள தூரம், மூக்கின் அடிப்பகுதி, உதட்டின் கோடு. இரண்டும் ஒரே பிக்ஸல்களில்தான் இருக்கின்றன. டூப்பின் புருவம் பிறவியிலேயே உயரமாக இருந்தால், மாடலுக்கு அது ஆச்சரியத்தில் புருவம் தூக்கியதாகத் தெரியலாம். அப்போது அவருடைய அடையாளம் முகபாவம் என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடும்.

முதல் வேலை: எந்தக் கட்டத்தில் கசிகிறது என்று அளப்பது

கசிவு நுழைய இரண்டு முக்கிய இடங்கள் உண்டு. ஒன்று, மாடல் வரையும் முகத்துக்குள்ளேயே. இரண்டு, வரைந்த முகத்தை ஃப்ரேமில் ஒட்டும்போது. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், மருந்து மட்டும் வேறு. ஒட்டும்போது வரும் கசிவுக்கு இன்னும் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாலும் பலன் இருக்காது. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள்.

முகத்தை அடையாளம் காணும் மாடல் ஒன்று போதும். இன்சைட்ஃபேஸ் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள `buffalo_l` ஒவ்வொரு முகத்தையும் 512 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றித் தரும். இரண்டு முகங்களின் வரிசைகளைப் பெருக்கிக் கூட்டினால் ஒற்றுமை எண் கிடைக்கும். 1 என்றால் அப்படியே ஒன்று, 0 பக்கம் என்றால் வேறு வேறு ஆட்கள்.

```python
import cv2
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))

def emb(path):
    img = cv2.imread(path)
    p = img.shape[0] // 2
    img = cv2.copyMakeBorder(img, p, p, p, p, cv2.BORDER_CONSTANT)
    faces = app.get(img)
    if not faces:
        return None
    big = max(faces, key=lambda f: f.bbox[2] - f.bbox[0])
    return big.normed_embedding

s, s2, t, r = [emb(x) for x in ("s.png", "s2.png", "t.png", "r.png")]
print("s-s2", s @ s2)
print("s-t ", s @ t)
print("r-s ", r @ s)
print("r-t ", r @ t)
```

`copyMakeBorder` வரியை விட்டுவிடாதீர்கள். நெருக்கமாக வெட்டிய முகப்படத்தில் சுற்றிலும் இடம் இல்லாவிட்டால், முகத்தைத் தேடும் பகுதி பல நேரம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கறுப்புச் சட்டம் வைத்தால் சரியாகிவிடும்.

`s`, `s2` இரண்டும் கதாநாயகனின் வெவ்வேறு படங்கள். `t` டூப்பின் அசல் ஃப்ரேம். `r` நம் விளைவு. `r` எடுக்கும்போது ஒரே ஃப்ரேமை இரண்டு முறை எடுங்கள். முதலில், ஒட்டாத பச்சை முகம்: ஒட்டும் கட்டத்தில் `raw-predict` என்ற முறையைத் தேர்ந்தால் மாடல் வரைந்த முகம் மட்டும் அப்படியே வரும். அடுத்து, ஒட்டி முடித்த ஃப்ரேமிலிருந்து முகத்தைச் சுற்றி வெட்டிய படம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். `s`, `s2`, `t` மூன்றும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். நேராகப் பார்க்கும் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் ஒப்பிட்டால், ஒரே ஆளாக இருந்தாலும் எண் இறங்கும். அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டால் தேடுதல் திசைமாறிப் போகும். நான் ஷாட்டிலிருந்து 20 ஃப்ரேம்களை எடுத்துக்கொள்வேன்: நேராகப் பார்ப்பவை 10, பக்கவாட்டில் 5, குனிந்து பார்ப்பவை 5. ஒவ்வொரு குழுவுக்கும் அதே கோணத்தில் கதாநாயகன் படங்களைத் தேடி வைத்துக்கொள்வேன்.

எங்கள் ஷாட்டில் நேராகப் பார்க்கும் ஃப்ரேம்களுக்கு வந்த சராசரி இது. `s-s2` 0.72. கதாநாயகனோடு கதாநாயகனையே ஒப்பிட்டால் அவ்வளவுதான் வருகிறது, ஆக நாம் எட்டக்கூடிய உச்சம் அது. `s-t` 0.14. மாற்றம் குறையில்லாமல் நடந்தால் `r-t` இந்த 0.14-க்குப் பக்கத்தில் வர வேண்டும். பச்சை முகத்தில் கதாநாயகனோடு ஒற்றுமை 0.58, டூப்போடு 0.31. ஒட்டிய பிறகு கதாநாயகனோடு 0.46, டூப்போடு 0.37.

இந்த எண்களே இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகின்றன. பச்சை முகத்திலேயே டூப்போடு ஒற்றுமை 0.14-லிருந்து 0.31-க்கு ஏறியிருக்கிறது, ஆகவே மாடலுக்குள் கசிவு உண்டு. ஒட்டியதும் கதாநாயகன் ஒற்றுமை 0.58-லிருந்து 0.46-க்கு விழுந்திருக்கிறது, ஆகவே ஒட்டும் இடத்தில் இன்னொரு கசிவு. இரண்டு ஓட்டைகள். உள்ளே இருப்பதை முதலில் அடைக்க வேண்டும்.

இந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த மாடல் பார்ப்பது புருவத்திலிருந்து தாடை வரைக்குமான நடுமுகத்தைத்தான். முடிக்கோடு, காது, தலையின் அகலம் எதுவும் அதன் கணக்கில் வராது. எண் நன்றாக இருந்தும் ஆள் மாறித் தெரியலாம். அதனால் எண்ணோடு மனிதக் கண்ணும் வேண்டும். கதாநாயகனைத் தெரிந்த ஒருவர், டூப்பை மட்டும் தெரிந்த ஒருவர், இருவருக்கும் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் பதில் மரியாதைக்கு வரும். "இது யார்?" என்று மட்டும் கேளுங்கள்.

சோர்ஸ் படங்களைச் சலிப்பது

மாடலுக்குள் கசிவு என்றதும் எல்லோரும் பயிற்சி அமைப்புகளைத்தான் முதலில் தொடுவார்கள். நான் படங்களைத்தான் முதலில் பார்ப்பேன். எங்களுக்கு நடந்தது அதற்கு நல்ல உதாரணம்.

கதாநாயகனின் முகப்படங்களை அதே படத்தின் மற்றக் காட்சிகளிலிருந்தும் ஒத்திகை வீடியோவிலிருந்தும் எடுத்திருந்தேன். மொத்தம் 4,180 முகங்கள். ஒத்திகை வீடியோவில் டூப்பும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கு யார் யார் என்று தெரியாது, அது எல்லா முகங்களையும் எடுத்துப் போட்டுவிட்டது. நான் சிறு படங்களாக வேகமாக உருட்டிப் பார்த்துச் சிலவற்றை நீக்கியிருந்தேன். ஒரே தாடி, ஒரே மேக்கப், ஒரே சட்டை. மீதி கண்ணில் படவில்லை.

மேலே உள்ள `emb` இருந்தால், மாற்று ஆளைச் சில வரிகளில் பிடித்துவிடலாம்:

```python
import glob
for f in sorted(glob.glob("data_src/aligned/*.jpg")):
    e = emb(f)
    if e is not None and e @ t > e @ s:
        print(f)
```

கதாநாயகனைவிட டூப்புக்கு நெருக்கமாக உள்ள படங்களின் பெயரை இது அச்சிடும். எங்களுக்கு 96 பெயர்கள் வந்தன. 4,180-ல் 96 என்றால் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் அந்த 96 படங்களில் பெரும்பாலானவற்றில் டூப் குனிந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒத்திகையே அதற்குத்தானே. கதாநாயகன் அப்படிக் குனிந்து பார்க்கும் படமோ மொத்தத் தொகுப்பிலும் நாற்பதுகூட இல்லை. ஆக, கதாநாயகன் குனிந்தால் எப்படி இருப்பார் என்று மாடல் கற்றுக்கொண்டது முக்கால்வாசி டூப்பின் முகத்தைப் பார்த்து. குனியும் ஃப்ரேம்களில்தான் கசிவு அதிகமாக இருந்தது என்பதும் இதனோடு பொருந்தியது.

இதில் இரண்டு பிரச்சினைகள் பின்னிக்கிடக்கின்றன. ஆள் மாறிய படங்களை அழித்துவிடலாம். ஆனால் இல்லாத கோணத்தை அழித்து உண்டாக்க முடியாது. டூப் ஒரு கோணத்துக்குப் போகிறார், அந்தக் கோணத்தில் கதாநாயகன் படமே இல்லை என்றால், மாடல் கையில் இருப்பதை வைத்து இட்டு நிரப்பும். கையில் இருப்பது டூப்பின் முகம்தான்.

இதைக் கண்டுபிடிக்க, இரண்டு தொகுப்புகளையும் இடவலத் திருப்பத்தின்படி ஒருமுறை வரிசைப்படுத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் மேல்கீழ்ச் சாய்வின்படி ஒருமுறை. அந்த வரிசைப்படுத்தும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. டூப் தொகுப்பு எந்தெந்த எல்லை வரை போகிறதோ, கதாநாயகன் தொகுப்பும் அந்த எல்லையைத் தாண்டி இருக்க வேண்டும். வாய் முழுதாகத் திறந்த நிலை, கண் மூடிய நிலை, பல்லைக் கடித்த நிலை இவற்றுக்கும் அதே கணக்கு.

குறை தெரிந்ததும், கதாநாயகனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நான்கு நிமிடம் எடுத்தோம். படியைப் பார்ப்பதுபோல் குனியச் சொன்னோம், குனிந்தபடியே இடமும் வலமும் திரும்பச் சொன்னோம், மூச்சு வாங்குவதுபோல் வாயைத் திறந்து மூடச் சொன்னோம். விளக்கை அந்த மாடிப்படியின் வெளிச்சம் வரும் பக்கமே வைத்தோம். அந்த நான்கு நிமிடம் செய்த வேலையை வேறு எந்த அமைப்பும் செய்திருக்காது. ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேதி கிடைப்பது கஷ்டம்.

மாடலுக்குள்: `df` ஆ, `liae` ஆ

படங்களைச் சரிசெய்த பிறகு கட்டமைப்பைப் பார்க்கலாம். மென்பொருளில் `df`, `liae` என்று இரண்டு வகைகள் உண்டு. இரண்டின் உள்வேலையும் தெரிந்தால் கசிவு எப்படி நுழைகிறது என்பதும் விளங்கிவிடும்.

`df` வகையில், முகத்தைச் சுருக்கி எண்களாக்கும் என்கோடர் இருவருக்கும் பொது; அந்த எண்களிலிருந்து முகத்தை வரையும் டிகோடர் ஆளுக்கொன்று. கதாநாயகனின் டிகோடர் டூப்பின் முகத்தை வரையப் பழகியதே இல்லை. அதனால் இதில் கசிவு குறைவு. ஆனால் டூப்பின் முகவடிவமோ வெளிச்சமோ ரொம்ப வேறாக இருந்தால் அது திணறும். முகம் ஒட்டவைத்த முகமூடி போலத் தெரியும்.

`liae` வகையில் இருவருக்கும் ஒரே டிகோடர். நடுவில் `inter_AB`, `inter_B` என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கதாநாயகன் முகம் `inter_AB` வழியாக மட்டும் போகும். டூப்பின் முகம் இரண்டின் வழியாகவும் போகும். முகம் மாற்றும்போது `inter_B`-ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் `inter_AB`-யையே வைப்பார்கள். டூப்புக்கே உரிய விஷயமெல்லாம் `inter_B`-யில் சேர்ந்திருக்கும், அதை எடுத்தால் டூப் போய்விடுவார் என்ற நம்பிக்கை. ஆனால் `inter_AB` டூப்பின் முகத்தையும் பார்த்துத்தான் வளர்கிறது. டூப்பின் சாடை கொஞ்சம் அங்கேயும் தங்கிவிடும். டிகோடரும் பொதுவானது, டூப்பை எப்படி வரைய வேண்டும் என்று அதற்கு நன்றாகவே தெரியும். வெளிச்சத்தையும் முகவடிவத்தையும் இது அழகாகப் பொருத்தித் தருவதும், கசிவு இதில் அதிகமாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

என் தேர்வு இப்படி. டூப்பின் முகவெட்டு கதாநாயகனுடையதோடு ஓரளவு ஒத்துப்போய், வெளிச்சமும் ஒத்திருந்தால் `df`. அதில் `true_face_power` என்ற அமைப்பும் கிடைக்கும், முகத்தை இன்னும் கொஞ்சம் கதாநாயகன் பக்கம் இழுக்கும். வழக்கமான அளவு 0.01, அதற்கு மேல் போனால் முகத்தில் கறைகள் வரலாம். வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிற ஷாட் என்றால் `liae`. எங்கள் மாடிப்படியில் ஜன்னல் வெயில் விட்டுவிட்டு விழுந்தது, அதனால் `liae`-யின் ஒரு வடிவமான `liae-ud`.

`liae` எடுத்தால் கைவசம் இருக்க வேண்டிய வைத்தியம் ஒன்று உண்டு. தொகுப்பைச் சுத்தப்படுத்திய பிறகு, மாடல் கோப்புறையில் பெயர் `inter_AB.npy` என்று முடியும் கோப்பை மட்டும் அழித்துவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள். முதலில் மொத்தக் கோப்புறையையும் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் கோப்பு இல்லாததைப் பார்த்ததும் மென்பொருள் அந்தப் பகுதியை மட்டும் புதிதாகத் தொடங்கும். என்கோடரும் டிகோடரும் கற்றது அப்படியே இருக்கும். பழைய முகத்தின் மிச்சம் கழன்றுவிடும், புதிதாக ஆரம்பிப்பதைவிடச் சீக்கிரம் மீண்டும் வந்துவிடும். ஒரு படத்துக்குப் பயிற்றுவித்த மாடலை வேறு நடிகருக்குப் பயன்படுத்தும்போதும் இதைச் செய்யாவிட்டால், பழைய நடிகரின் சாடை எட்டிப் பார்க்கும்.

அடுத்தது `random_warp`. இது இயங்கும்போது, மாடலுக்குள் போகும் முகத்தைக் கொஞ்சம் நெளித்துக் கொடுத்து, நெளியாத முகத்தை வரையச் சொல்வார்கள். புருவம் இருக்கும் துல்லியமான இடத்தை அப்படியே நகல் எடுக்க வழியில்லாமல் போகிறது, முகபாவத்தைப் புரிந்துகொண்டுதான் வரைய வேண்டியிருக்கிறது. கசிவுக்கு எதிராகப் பயிற்சிக்குள்ளேயே இருக்கும் பெரிய தடுப்பு இதுதான். சருமத்தின் நுணுக்கம் சீக்கிரம் வர வேண்டும் என்று இதை அவசரப்பட்டு நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தியதும் முகம் கூர்மையாகும், கூடவே மெல்ல மெல்ல டூப் பக்கம் நகரும். கடைசி நெடுவரிசையில் கண் பார்வையும் வாயும் சரியாக வந்து, `raw-predict` எண்களும் திருப்தியாக இருக்கும்போது நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு ஒவ்வொரு சேமிப்பிலும் `r-t`-ஐ அளந்துகொண்டே வாருங்கள். அது ஏறத் தொடங்கினால் முந்தைய சேமிப்புக்குத் திரும்புங்கள். ஆட்டோ பேக்கப்பை இயக்கி வைத்திருந்தால்தான் இது முடியும்.

`face_style_power` 0-விலேயே இருக்கட்டும். டார்கெட்டின் நிறத்தை மாடலே கற்றுக்கொள்ளச் சொல்லும் அமைப்பு அது. தாடிநிழல், கண்ணுக்குக் கீழ் கருமை போன்றவையும் நிறத்தோடு சேர்ந்து வந்துவிடும், அவையும் சாடையில் சேர்த்திதான்.

இவ்வளவும் செய்து மறுபடி ஓடவிட்ட பிறகு, பச்சை முகத்தில் கதாநாயகனோடு 0.66, டூப்போடு 0.19. உள் ஓட்டை அநேகமாக அடைபட்டது.

ஒட்டும் இடத்தில்

ஒட்டும்போது வரும் கசிவுக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: இரட்டைப் புருவம். ஃப்ரேமைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதாநாயகன் புருவத்துக்கு மேலே இன்னொரு புருவத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தால், அது டூப்பின் புருவம். அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாவிட்டாலும் புருவம் தடித்தோ வளைவு மாறியோ இருக்கும். ஆளை அடையாளம் காண்பதில் புருவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மட்டும் மாற்றினாலே தெரிந்த முகம் அந்நியமாகிவிடும்.

எங்களுக்கு இது நேர்ந்த விதம் இப்படி. முகவகை `wf`, அதாவது நெற்றியோடு சேர்ந்த முழுமுகம். மாடல் நெற்றியையும் வரைந்திருந்தது. ஆனால் எந்தப் பகுதியை ஒட்ட வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கை, நாமே எல்லை வரைந்து பழக்கும் எக்ஸ்செக் என்ற வசதியைக் கொண்டு வரையாமல், மென்பொருள் தானாகத் தரும் மாஸ்க்கையே விட்டுவிட்டேன். அது புருவத்துக்குச் சற்று மேலோடு நின்றுவிடும். டூப்பின் புருவம் கதாநாயகனுடையதைவிட உயரம். மாஸ்க்கின் விளிம்பு அந்தப் புருவத்தின் நடுவே ஓடியது. போதாததற்கு விளிம்பை உள்ளே அரித்து, நிறைய மங்கலாக்கியும் வைத்திருந்தேன். தையல் மறைந்தது, ஆனால் முகத்தின் ஓரமெல்லாம் டூப்புக்குப் போய்விட்டது.

சரிசெய்ய, டூப்பின் ஃப்ரேம்களில் 40-ஐத் தேர்ந்து, முடிக்கோட்டிலிருந்து தாடை அடி வரை எக்ஸ்செக் எல்லையை நானே வரைந்தேன். கதாநாயகன் படங்கள் சிலவற்றிலும் அதே மாதிரி வரைந்து, பயிற்சி கொடுத்து, இரண்டு தொகுப்புகளுக்கும் பொருத்தினேன். ஒட்டும்போது அரிக்கும் எண்ணையும் மங்கலாக்கும் எண்ணையும் குறைத்தேன். அரிக்கும் எண் கூடக்கூட மாஸ்க் சுருங்கும், எதிர்ம எண் கொடுத்தால் விரியும். விளிம்பு கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும், அதை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற ஒன்றில் சரிசெய்வது எளிது. மறைந்துபோன புருவத்தை மீட்பது எளிதல்ல.

கலக்கும் முறையில் `seamless` வேண்டாம், `overlay` எடுத்து நிறத்தைத் தனியாகப் பொருத்துங்கள் என்பது என் கருத்து. `seamless` விளிம்பில் உள்ள டூப்பின் தோல்நிறத்தை முகம் முழுக்கப் பரப்பும். கன்னத்தின் பள்ளமும் மூக்கின் பக்க நிழலும் அதில் தட்டையாகிவிடுகின்றன.

இதற்குப் பிறகு, ஒட்டிய ஃப்ரேமில் கதாநாயகனோடு 0.61, டூப்போடு 0.21.

ஜிஎஃப்பி-கான், கோட்ஃபார்மர் போன்ற முகத் தெளிவாக்கிகளைக் கடைசியில் போடும் வழக்கம் இருந்தால், போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அவை தெளிவைத் தாங்கள் கற்ற பொதுவான முகங்களிலிருந்து எடுத்துத் தருகின்றன. டூப்பின் சாடை வராமலேகூடக் கதாநாயகனின் சாடை போய்விடலாம். `r-s` இறங்கி, `r-t` ஏறாமல் இருந்தால் குற்றவாளி இதுதான்.

மாஸ்க்குக்கு வெளியே இருப்பது

இத்தனைக்குப் பிறகும் அக்காவுக்கு ஓர் உறுத்தல் மிச்சம் இருந்தது. "முகம் அவன்தான், ஆனா குண்டாயிட்டானா?" என்று கேட்டார். எண்கள் நன்றாக இருந்தும் அவர் கண் சரியாகவே பிடித்தது. தாடையின் அகலம், காது இருக்கும் இடம், கழுத்து எல்லாம் மாஸ்க்குக்கு வெளியே. அவை டூப்புடையவை. மாடல் மெலிந்த தாடையை வரைந்தாலும், அதன் வெளியே டூப்பின் அகலமான தாடை அப்படியே நிற்கும்.

இதை எந்தப் பயிற்சியும் தீர்க்காது. நாங்கள் தாடையின் இரண்டு ஓரங்களையும் ட்ராக் செய்து, ஃப்ரேமில் அந்த ஓரங்களை மட்டும் வார்ப் மூலம், அதாவது படத்தை நெளித்து, ஓரிரு பிக்ஸல் உள்ளே தள்ளினோம். பின்னால் வெறும் சுவர் இருந்த இரண்டு ஷாட்களில் அது உறுத்தாமல் அமைந்தது. தாடைக்குப் பின்னால் கம்பிக் கைப்பிடி ஓடினால் கம்பி நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான தீர்வு டூப்பைத் தேர்வு செய்யும் நாளிலேயே இருக்கிறது. உயரமும் உடம்புவாகும் மட்டும் பார்க்கிறார்கள். முகமாற்றம் இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் தலை அகலத்தையும் தாடைக் கோட்டையும் முடிக்கோட்டையும் பாருங்கள். மூக்கும் கண்ணும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அவை மாறப்போகிறவை.

ஒரே புகைப்படத்தை வைத்துச் செய்பவர்களுக்கு

`inswapper_128` போன்ற மாடல்கள் தனிப் பயிற்சி கேட்பதில்லை. கதாநாயகன் முகத்தை அந்த 512 எண்களாகச் சுருக்கி, அதை வைத்து டூப்பின் முகத்தை மாற்றி வரைகின்றன. 128-க்கு 128 பிக்ஸல் பரப்பில்தான் வேலை நடக்கிறது. முகத்தின் புறக்கோடு பெரும்பாலும் டூப்புடையதாகவே நிற்கும். இங்கே உங்கள் கையில் இருப்பது இரண்டுதான். ஒன்று, ஒரே படத்துக்குப் பதில் கதாநாயகனின் பல படங்களிலிருந்து எண்வரிசை எடுத்து, சராசரியாக்கி, நீளத்தை மறுபடி 1-ஆக்கிக் கொடுப்பது. ஒரு படத்தின் வெளிச்சமும் சிரிப்பும் அடையாளமாகப் புகுவது இதில் குறையும். இரண்டு, வந்த விளைவையே டார்கெட்டாக வைத்து இன்னொரு முறை மாற்றுவது. இரண்டாம் சுற்றில் கதாநாயகன் பக்கம் இன்னும் நகரும், ஆனால் முகபாவம் கொஞ்சம் மழுங்கும், மூன்றாவது சுற்று பெரும்பாலும் நஷ்டம்.

அளக்கும்போது இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த மாடலுக்குள் போகும் எண்வரிசை `buffalo_l` தருவதேதான். அதே எண்களை எட்டத்தான் அது பழகியிருக்கிறது. அதையே வைத்து அளந்தால் எண் உண்மையைவிட உயர்வாகத் தெரியும். இன்சைட்ஃபேஸின் `antelopev2` என்ற வேறு மாடல் தொகுப்பை வைத்து அளந்து பாருங்கள்.

எங்கள் மூன்று ஷாட்களில் இரண்டு அப்படியே படத்தில் போனது. மூன்றாவதில் டூப் படியின் திருப்பத்தில் முழுப் பக்கவாட்டாகத் திரும்புகிறார், மூக்கின் கோடு சுவருக்கு எதிரே வெட்டியதுபோல் தெரிகிறது. அந்த 14 ஃப்ரேம்களில் மூக்கு நுனியின் வெளிக்கோடு கடைசி வரை டூப்புடையதாகவே இருந்தது. கதாநாயகன் மூக்கு அதைவிடச் சிறியது. பின்னால் இருந்த பெரிய மூக்கை மறைக்கச் சுவரை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைய வேண்டியிருக்கும். எடிட்டரிடம் காட்டினேன். அவர் அந்த 14 ஃப்ரேம்களை எடுத்துவிட்டு, படியில் இறங்கும் காலின் குளோஸப்பை அங்கே வைத்தார்.